வார்டை விட்டு மேல்படிப்புக்குக் கிளம்புற நர்ஸுக்கு: ஒரு நிமிஷத்துக்குள்ள நன்றி சொல்ற வீடியோ எடுக்கறது எப்படி, முழுமையான வழிகாட்டி

நான் எம்.எஸ்.சி. நர்சிங் படிக்கக் கிளம்பினப்போ வார்டுக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன், நாலு நிமிஷம் இருபது செகண்ட். உக்காந்து இருபத்திமூணு பேரோட பேரை ஒண்ணொண்ணா சொன்னேன், டாக்டர்ஸ், இன்சார்ஜ் சிஸ்டர், கூட வேலை பார்த்தவங்க எல்லாரும். யாரையும் விட்டுடக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதி வச்சுதான் சொன்னேன், ஆனா எங்க ஆயாம்மா பேரை விட்டுட்டேன். மூணு வருஷம் எனக்கு ராத்திரி சாப்பாட்டு டப்பா கழுவிக் குடுத்தவங்க அவங்க. யாரோ ஒருத்தரோட போன்ல வீடியோவைப் பார்த்துட்டு, அடுத்த தடவை நான் போனப்போ "எல்லார் பேரும் வந்துச்சு கண்ணு, என் பேரு வரலையே"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. இன்னிக்கும் எனக்கு அது ஆறல.

இன்னொண்ணு, அந்த நாலு நிமிஷத்தை முழுசா யாருமே பார்க்கலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வார்டுல வீடியோ எப்படிப் பார்ப்பாங்கன்னு நமக்கே தெரியும்ல, ஹேண்டோவர் முடிஞ்ச கையோட ஒரு போனைச் சுத்தி ஏழெட்டு பேர் நிப்பாங்க, ஒரு நிமிஷம் ஆகறதுக்குள்ள ஒரு பெல் அடிக்கும், இல்ல டிரிப் முடிஞ்சுதுன்னு ஒரு அட்டெண்டர் வந்து நிப்பாரு, அவ்வளவுதான், எல்லாரும் கலைஞ்சிடுவாங்க. அதனாலதான் ஒரு நிமிஷம்ங்கறதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன், வார்டுல நாலு பேர் சேர்ந்தாப்ல நிக்கிற நேரமே அவ்வளவுதான்.

இப்போ நான் சேலத்துல ஒரு காலேஜ்ல டியூட்டரா இருக்கேன். எம்.எஸ்.சி. சேர பி.எஸ்.சி. முடிச்சு குறைஞ்சது ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்கணும், அதனால எங்க பிள்ளைங்க எல்லாம் ஒரு வருஷமோ மூணு வருஷமோ வார்டுல இருந்துட்டுதான் கிளம்புவாங்க, கிளம்பும்போது இந்த வீடியோ விஷயமா எனக்கு போன் வரும். போன தடவை ஏற்காட்டுப் பொண்ணு ஒண்ணு கிளம்பினா, சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில ஃபீமேல் மெடிக்கல் வார்டுல மூணு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், சென்னைல எம்.எஸ்.சி. மெடிக்கல் சர்ஜிக்கல் கிடைச்சிருந்துச்சு. அவளோட வீடியோவை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து செஞ்சோம், அதையே வச்சு ஆரம்பத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல வார்த்தைக் கணக்கு

கேமராவைத் தொடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு நிமிஷத்துல எத்தனை வார்த்தை பேசுறீங்கன்னு தெரிஞ்சுக்கணும். பேப்பர்ல ஒரு செய்தியை எடுத்து, யாருக்கோ எதிர்ல உக்காந்து சொல்ற வேகத்துல ஒரு நிமிஷம் ஸ்டாப்வாட்ச் வச்சு வாசிங்க, எங்க நிக்கிறீங்களோ அதுவரைக்கும் வார்த்தையை எண்ணுங்க. எனக்கு நூறு கிட்ட வந்துச்சு, அவளுக்கும் ஏறக்குறைய அதேதான். தமிழ்ல ஒரு வார்த்தைக்குள்ளயே நிறைய ஒட்டிக்கும், "சொல்லிக்குடுத்தவங்களுக்கெல்லாம்"னா அது ஒரே வார்த்தை, அதனால வேற பாஷைல நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னு எங்கயாவது படிச்சதை நம்பி எழுதாதீங்க, நீட்டிடும்.

நூறு வார்த்தை பேசுறவங்கன்னா தொண்ணூறுக்குள்ள எழுதுங்க. மிச்சம் இருக்கிற ஆறேழு செகண்ட் மூச்சு விடறதுக்கு, குரல் கொஞ்சம் தழுதழுத்தா நிறுத்தறதுக்கு, ஆரம்பத்துலயும் கடைசிலயும் சும்மா ஒரு செகண்ட் கேமராவைப் பார்க்கிறதுக்கு.

யாருக்கு, எதுக்கு

இதுதான் கஷ்டமான வேலை, இதுக்கு ரெண்டு நாள் எடுத்துக்கோங்க. டூட்டி முடிஞ்சு வந்து ஒரு நோட்ல ரெண்டு பத்தி போடுங்க, இடது பக்கம் ஆளு, வலது பக்கம் அவங்க உங்களுக்குச் செஞ்ச ஒரே ஒரு காரியம். "ரொம்ப சப்போர்ட்டா இருந்தாங்க"ன்னு எழுதினா அதை அடிச்சிடுங்க, அது காரியம் இல்ல. என்ன செஞ்சாங்க, எந்த ஷிஃப்ட், கைல என்ன இருந்துச்சு, நீங்க எங்க நின்னீங்க, இப்படி எழுதுங்க. அவ முதல் நாள் எழுதின நோட்ல இன்சார்ஜ் சிஸ்டருக்கு நேரா "நல்லா கைட் பண்ணாங்க"ன்னு இருந்துச்சு. எப்போன்னு கேட்டேன், யோசிச்சுட்டு, "வந்த முதல் வாரம் மேடம், ஒரு பாட்டிக்கு வெயினே கிடைக்கல, மூணு தடவை குத்திட்டேன், ட்ரீட்மெண்ட் ரூமுக்குப் போய் அழுதுட்டேன், சிஸ்டர் வந்து திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல, திரும்பக் கூட்டிட்டுப் போய் என் கை மேல அவங்க கை வச்சு வென்ஃபிளான் போட வச்சாங்க"ன்னா. அதுதான் வேணும்னேன்.

பட்டியல்ல பத்துப் பதினஞ்சு பேர் வருவாங்க. அதுல இருந்து மூணே பேர். நாலாவது ஆளைச் சேர்த்தா ஒவ்வொருத்தருக்கும் பத்து செகண்டுக்குக் கீழ வந்துடும், அந்த நேரத்துல ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியாது, பேரும் நன்றியும்தான் மிஞ்சும், அப்புறம் என்னோட இருபத்திமூணு பேர் வீடியோ மாதிரிதான் ஆகும். மூணு பேரை நான் எப்படி எடுக்கச் சொல்லுவேன்னா, வேலை கத்துக்குடுத்தவங்க ஒருத்தர், கஷ்டமான ஷிஃப்ட்ல பக்கத்துல நின்னவங்க ஒருத்தர், இந்த மாதிரி வீடியோல யாருமே பேரு சொல்லாத ஒருத்தர். மூணாவது ஆள் பெரும்பாலும் ஆயாம்மாவா இருப்பாங்க, இல்ல ஸ்ட்ரெச்சர் தள்ளுற அண்ணா, ஹவுஸ்கீப்பிங் அக்கா. கண்டிப்பா ஒருத்தர் அங்க இருந்து வரணும், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களான்னு அவ கேட்டா, நியாயமான கேள்விதான். அதுக்கு வழி, வீடியோ குரூப்ல போடறதுக்கு முந்தின நாளே, பட்டியல்ல மிச்சம் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இருபது செகண்ட் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிடறது, நோட்டோட வலது பத்தில எழுதின அந்த ஒரு காரியத்தைச் சொல்லி. அவ பதினோரு பேருக்கு அனுப்பினா, ஒரு சாயங்காலம் ஆச்சு. தனியா கேட்டவங்களுக்கு குரூப் வீடியோல பேரு வரலன்னு வருத்தம் வரல, அதுல ரெண்டு பேர் அதை அழிக்காம வச்சிருக்கறதா அவகிட்ட சொன்னாங்களாம்.

எதைச் சொல்லவே கூடாது

பேஷண்ட். பேரு சொல்லலைன்னாலும் சரி. "போன மாசம் அந்த ஆக்ஸிடெண்ட் கேஸ் வந்தப்போ"ன்னு ஆரம்பிச்சாலே வார்டுல இருக்கறவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடும், வீடியோ ஒரு தடவை ஃபார்வர்டு ஆச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கே கூட வந்து சேரும், சேலம் அவ்வளவு பெரிய ஊர் இல்ல. அவ சம்பவத்துல கூட "ஒரு பாட்டிக்கு"ங்கறதை எடுத்துட்டோம், வெயின் கிடைக்கலன்னு மட்டும் வச்சோம், யாரோட கைங்கறது நன்றிக்குத் தேவையே இல்ல.

அடுத்தது நிறைய பேர் யோசிக்காதது, நம்மளைக் காப்பாத்தின தப்புங்க. "நான் ஒரு தடவை மருந்து மாத்தி எடுத்தப்போ நீங்கதான் பார்த்து நிறுத்தினீங்க"ன்னு சொல்லணும்னு மனசு துடிக்கும், உண்மையிலயே பெரிய நன்றி அது, ஆனா நேர்ல போய்க் கையைப் பிடிச்சுச் சொல்ல வேண்டியது அது. வீடியோல சொன்னா உங்க தப்பு ரெக்கார்டு ஆகும், அது கூட அவங்க அதை ரிப்போர்ட் பண்ணலங்கறதும் ரெக்கார்டு ஆகும், நீங்க சென்னை போயிடுவீங்க, அவங்க அங்கதான் இருக்கணும். இவளோட முதல் எழுத்துல "நான் அசந்து தூங்கினப்போ என் பெட்டையும் சேர்த்து நீங்களே பார்த்துக்கிட்டீங்க"ன்னு நைட் டூட்டி அக்காவுக்கு ஒரு வரி இருந்துச்சு. அன்பாத்தான் எழுதியிருந்தா, ஆனா படிக்கிற நர்சிங் சூப்பிரண்டு கண்ணுக்கு அது வேற மாதிரி தெரியும். அந்த அக்கா வேற என்ன செஞ்சாங்கன்னு கேட்டப்போதான் டீ வந்துச்சு, ராத்திரி மூணு மணிக்குக் கேக்காமலே ஃபிளாஸ்க்ல இருந்து ஊத்தி டெஸ்க்ல வச்சுட்டுப் போவாங்களாம். அதையே எடுத்துக்கிட்டோம், தூக்க வரியை விட அதுதான் நல்லாவும் இருந்துச்சு.

டபுள் டூட்டி, லீவு குடுக்காதது, சம்பளம், இதெல்லாம் உள்ள வரக் கூடாதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன். சிரிக்க வைக்கிற மாதிரி சொன்னாலும் இன்சார்ஜுக்குத்தான் கேள்வி வரும்.

எழுதறது

அவ முதல்ல எழுதினது "அனைவருக்கும் என் மனமார்ந்த வணக்கங்கள், கடந்த மூன்று ஆண்டுகளாக இம்மருத்துவமனையில் பணியாற்றும் நல்வாய்ப்பைப் பெற்ற நான்"னு ஆரம்பிச்சுது. வாசிச்சுப் பார்த்தா ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட், கேக்கறதுக்கு ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி இருந்துச்சு. வார்டுல எப்படிப் பேசுவோமோ அப்படியே எழுதணும், சிஸ்டர்னா சிஸ்டர், அக்கான்னா அக்கா. பேச்சுத் தமிழ்ல நீளமும் குறையும், "பணியாற்றும் வாய்ப்பைப் பெற்றேன்"ங்கறது "வேலை பார்த்தேன்"னு சுருங்கிடும்.

அமைப்புக்குப் புதுசா ஒண்ணும் தேவையில்ல, நாம தினமும் ஹேண்டோவர் குடுக்கறோமே அதே வரிசைதான். பெட் நம்பர், என்ன கேஸ்னு முதல் வரில சொல்லிடுவோம், அப்புறம் நம்ம ஷிஃப்ட்ல நடந்தது, கடைசில அடுத்து வர்றவங்க என்ன பார்க்கணும். இங்கயும் முதல் வரில நீங்க யாரு, எங்க போறீங்க, பத்து செகண்டுக்குள்ள. நடுவுல மூணு பேரு. கடைசில எதை விட்டுட்டுப் போறீங்க, யாருக்கு. இந்தக் கடைசி பகுதியைத்தான் எல்லாரும் "உங்களை என்றும் மறக்க மாட்டேன்"னு முடிச்சிடறாங்க. நீங்க நிஜமாவே ஒப்படைக்கிற ஒரு பொருளைச் சொல்லுங்க, லாக்கர் சாவி, டார்ச், உங்க கையெழுத்துல எழுதி வச்ச டைல்யூஷன் நோட், எதுவானாலும்.

நாலு தடவை வெட்டி எழுதின அப்புறம் வந்தது இது, பேரு வந்த இடத்துல எல்லாம் நான் கூப்பிடுற முறையை மட்டும் போட்டிருக்கேன்:

"எல்லாருக்கும் வணக்கம். நாளையில இருந்து நான் ஃபீமேல் மெடிக்கல் வார்டுக்கு டூட்டி வரமாட்டேன், எம்.எஸ்.சி. படிக்க சென்னை போறேன்.

இன்சார்ஜ் சிஸ்டர், முதல் வாரம் வெயின் கிடைக்காம நான் அழுதப்போ நீங்க திட்டல, என் கையைப் பிடிச்சு எடுக்க வச்சீங்க. புதுசா வர்றவங்களுக்கு நானும் இப்போ அப்படித்தான் சொல்லித் தர்றேன்.

நைட் டூட்டி அக்கா, மூணு மணிக்கு நான் களைச்சு நிக்கும்போது கேக்காமலே டீ வச்சுட்டுப் போவீங்க, அந்த டீயாலதான் நிறைய ராத்திரி ஓடுச்சு.

ஆயாம்மா, பேஷண்ட்டை எப்படித் திருப்பினா வலிக்காதுன்னு புக்குல படிச்சேன், கைக்கு வந்தது உங்ககிட்டத்தான்.

பேர் சொல்லாத எல்லாருக்கும், லேப், பார்மசி, செக்யூரிட்டி அண்ணா வரைக்கும், ரொம்ப நன்றி.

என் லாக்கர் சாவி இன்சார்ஜ் ரூம்ல இருக்கு, உள்ள இருக்கிற டார்ச்சும் சிசர்ஸும் புதுசா வர்ற பொண்ணுக்கு. போயிட்டு வரேன்."

எண்பத்தெட்டு வார்த்தை. இன்சார்ஜ் சிஸ்டருக்கு மட்டும் ரெண்டு வாக்கியம் இருக்கறதைக் கவனிங்க, அவங்க குடுத்தது இப்போ அடுத்தவங்களுக்குப் போய்ச் சேர்ந்துருச்சுங்கறது அவங்களுக்குத் தெரியணும், கத்துக்குடுத்தவங்களுக்கு அதை விடப் பெரிய நன்றி கிடையாதுன்னு டியூட்டரா ஆன அப்புறம் எனக்கு நல்லாவே தெரியுது. "நன்றி"ங்கற வார்த்தை மொத்தமா ஒரே தடவைதான் வருது, மூணு பேருக்கும் தனித்தனியா அந்த வார்த்தையே இல்ல, தேவையும் படல. முடிவுல "போறேன்"னு நிறுத்தாம "போயிட்டு வரேன்"னு சொல்லணும், வீட்டுல வாசல்படி தாண்டும்போது எப்படிச் சொல்லுவோமோ அப்படி.

ஆயாம்மாவை மூணாவதா வச்சதுக்கும் காரணம் இருக்கு. யாரை நினைச்சா உங்களுக்குக் குரல் உடையுமோ அவங்களை முதல்ல வைக்காதீங்க, அப்புறம் வர்ற ஐம்பது செகண்டும் அழுகைலதான் போகும், ஒண்ணும் புரியாது. அவளுக்கு ஆயாம்மாகிட்டதான் உடையும்னு வாசிக்கும்போதே தெரிஞ்சுது. மூணாவதா வச்சா அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வார்த்தைதான் பாக்கி, லாக்கர் சாவி மாதிரி சாதாரண விஷயம் வர்றதால குரலும் திரும்ப நிலைக்கு வந்துடும்.

எங்க எடுக்கறது

வார்டுல எடுக்காதீங்க. யூனிஃபார்ம்ல நர்சஸ் ஸ்டேஷன்ல நின்னு எடுத்தா நல்லா இருக்கும்னு ஆசை வரும், ஆனா பின்னாடி போர்டுல பெட் நம்பரோட பேஷண்ட் பேரு இருக்கும், டெஸ்க்ல கேஸ் ஷீட் விரிஞ்சு கிடக்கும், திரை மறைவுல இருந்து யாரோ முனகறது மைக்ல விழும். எடுக்கும்போது இது எதுவும் கண்ணுல படாது, போன்ல பெருசு பண்ணிப் பார்க்கிறவங்களுக்குப் படும். வார்டுலதான் வேணும்னா நர்சிங் சூப்பிரண்டுகிட்ட அனுமதி வாங்கி, டூட்டி ரூம்ல வெறும் சுவர் முன்னாடி எடுங்க, ஐ.டி. கார்டைக் கழட்டி வச்சுட்டு.

அவளுக்கு வீடு ஏற்காடுங்கறதால லேடீஸ் சீட்ல எடுக்கலாம்னு ஆசைப்பட்டா, அங்க நின்னா கீழ சேலம் மொத்தமும் தெரியும், வேலை பார்த்த ஊரைப் பின்னாடி வச்சுப் பேசணும்னு. நினைப்பு எனக்கும் பிடிச்சிருந்துச்சு, காலைல ஏழு மணிக்கே போனோம். எடுத்துட்டு வீட்டுக்கு வந்து இயர்போன் போட்டுக் கேட்டா காத்து மட்டும்தான் இருந்துச்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு, நடுநடுவுல அவ குரல். காத்து மைக் ஓட்டைல நேரா மோதறதால வர்ற சத்தம் அது, அப்புறமா எந்த ஆப்லயும் சுத்தமா எடுக்க முடியாது, அதை எடுக்கப் போனா குரலும் சேர்ந்து தேஞ்சிடும். படமும் சரியில்ல, பின்னாடி வானம் வெளிச்சமா இருந்ததால போன் அதுக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைச்சிடுச்சு, இவ முகம் இருட்டா கிடந்துச்சு, போதாததுக்கு சேலம் இருந்த இடத்துல வெறும் பனிமூட்டம்.

அப்புறம் அவங்க வீட்டுலயே எடுத்தோம். ஜன்னலைப் பார்த்து உக்கார வச்சோம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டக் கூடாது, வெளிச்சம் முகத்துல விழணும். மேல பனி மூடியிருந்தா அது நமக்கு நல்லதுதான், வெயில் வடிகட்டின மாதிரி மெத்துன்னு வரும், மூக்குக்குக் கீழ கண்ணுக்குக் கீழ நிழல் விழாது. கீழ சேலத்துல எடுக்கறவங்க காலைல எட்டு மணிக்குள்ளயோ சாயங்காலம் அஞ்சுக்கு மேலயோ ஜன்னல் பக்கத்துல எடுங்க, நேர் வெயில் வேணாம்.

டியூப்லைட்டை அணைச்சிடுங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட்டும் விலை குறைஞ்ச எல்.இ.டி.யும் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமரா வேகம் அதோட ஒத்துப்போகலன்னா வீடியோல சாம்பல் நிறப் பட்டை மேலயும் கீழயும் ஓடும். ராத்திரிலதான் நேரம் கிடைக்குதுன்னா கேமரா செட்டிங்ஸ்ல ஃபிளிக்கர்னு இருக்கும், அதுல 50 ஹெர்ட்ஸ் வைங்க, அந்த வசதி இல்லாத போன்னா வேற லைட் போட்டு அஞ்சு செகண்ட் எடுத்துப் பாருங்க.

ஃபேனையும் அணைக்கணும், வேர்த்தாலும் ஒரு நிமிஷம்தானே. ஃபிரிட்ஜ் பக்கத்துல உக்காராதீங்க. காலி ரூம்ல எதிரொலிக்கும், மெத்தை, துணி இருக்கிற பெட்ரூம்ல குரல் நல்லா கிட்டக்க கேக்கும்.

எடுக்கறது

போனை நெட்டுக்குத்தாவே வைங்க, பார்க்கப் போறது எல்லாரும் போன்லதான். கண்ணு உயரத்துக்கு இருக்கணும், நாங்க ஸ்டூல் மேல அரிசி டப்பா, அது மேல ரெண்டு ப்ரொசீஜர் மேனுவல் அடுக்கி சுவத்துல சாய்ச்சோம். கைநீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான தூரம் போதும், நெஞ்சு வரைக்கும் தெரியும், அதுக்கு மேல தள்ளிப் போனா குரல் ரூமுக்குள்ள கரைஞ்சிடும். லென்ஸைத் துணியால துடைங்க, நம்ம போன்ல எப்பவும் சானிடைசரும் கை எண்ணெயும் சேர்ந்து ஒரு படலம் இருக்கும், அதுதான் முகம் புகை மாதிரி தெரியறதுக்குப் பாதி காரணம். ஏரோபிளேன் மோட் போடுங்க, நாப்பதாவது செகண்ட்ல வார்டுல இருந்தே போன் வந்து ரெக்கார்டிங் நின்னு போன கதை எங்க பிள்ளைங்ககிட்ட நிறைய இருக்கு. 1080, 30 ஃப்ரேம் போதும்.

முழுசா எழுதினதை எதிர்ல ஒட்டி வாசிக்காதீங்க, கண்ணு இடமும் வலமும் ஓடறது அப்படியே தெரியும். ஒரு சின்னத் துண்டு பேப்பர்ல "வெயின், டீ, திருப்பறது, லேப் பார்மசி, சாவி"ன்னு அஞ்சு சொல்லு மட்டும் பெரிய எழுத்துல எழுதி லென்ஸுக்குப் பக்கத்துல ஒட்டுங்க. வார்த்தை கொஞ்சம் மாறினா மாறட்டும், வரிசை மாறாம இருந்தா போதும். பார்க்க வேண்டியது லென்ஸை, ஸ்க்ரீன்ல தெரியற உங்க முகத்தை இல்ல.

அவளுக்கு முதல் டேக் 61 செகண்ட், "எல்லாருக்கும் வணக்கம்"னு சொல்லி நிறுத்தி யோசிச்சதால. ரெண்டாவது 56, ஆனா ரொம்ப மனப்பாடமா ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் விட்டு, காபி குடிச்சுட்டு, இன்சார்ஜ் சிஸ்டர் எதிர்ல உக்காந்திருக்கறதா நினைச்சுப் பேசுன்னேன், மூணாவது 54. ஆயாம்மான்னு சொன்னதும் நின்னா, ரெண்டு செகண்ட் ஒண்ணும் பேசல, மூச்சை இழுத்துட்டு மிச்சத்தைச் சொன்னா. அந்த ரெண்டு செகண்டை வெட்டவான்னு கேட்டா, வேணாம்னேன். நிறுத்தாம தேம்பி அழுதா திரும்ப எடுக்கணும், ஏன்னா வார்த்தை புரியாது, ஆனா இப்படி ஒரு நிறுத்தம் அப்படியே இருக்கலாம். அஞ்சு டேக்குக்கு மேல போகாதீங்க, முகம் களைச்சிடும், அடுத்த நாள் எடுத்துக்கலாம்.

அனுப்பறதுக்கு முன்னாடி

கேலரிலயே முன்னாடியும் பின்னாடியும் கை நீட்டி பட்டனை அமுக்கறதை ட்ரிம் பண்ணிடுங்க. பாட்டு எதுவும் சேர்க்காதீங்க, வார்டு சத்தத்துல போன் ஸ்பீக்கர்ல குரல் கேக்கறதே கஷ்டம், மேல பாட்டும் ஓடினா சுத்தம். நிறைய பேர் டூட்டில சத்தத்தை அணைச்சுட்டுதான் திறப்பாங்க, அதனால மூணு பேரையும் பேசுற இடத்துல மட்டும் அவங்க பேரை எழுத்துல கீழ போடுங்க, அவங்களைப் பத்தின்னு தெரிஞ்சா சத்தம் வச்சு இன்னொரு தடவை பார்ப்பாங்க.

அப்புறம் ரெண்டு சோதனை. சத்தமே இல்லாம ஒரு தடவை ஓட்டி, மூலை மூலையா பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க. அப்புறம் படத்தைப் பார்க்காம கண்ணை மூடிக் கேளுங்க, ஒரு வார்த்தை புரியலன்னாலும் திரும்ப எடுங்க. வார்டுல இல்லாத ஒருத்தர்கிட்ட காட்டுங்க, எந்த பேஷண்டைப் பத்தியாவது எதாவது தெரிய வந்துச்சான்னு கேளுங்க. இன்சார்ஜ் சிஸ்டருக்கு மட்டும் முந்தின நாளே அனுப்பி, குரூப்ல போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறது மரியாதை, அவங்க பேரு அதுல இருக்கு இல்லையா.

ஒரு நிமிஷ வீடியோ போனைப் பொறுத்து 60 எம்.பி.ல இருந்து 130 எம்.பி. வரைக்கும் வரும். வாட்ஸ்அப்ல சும்மா வீடியோவா அனுப்பினா அதுவே சுருக்கி அனுப்பும், முகம் கொஞ்சம் கட்டம் கட்டமா ஆகும். பெரும்பாலானவங்களுக்கு அது போதும், டேட்டாவும் மிச்சம். ஃபேர்வெல்ல டி.வி.ல போட்டுக் காட்டறதா இருந்தா மட்டும் டாக்குமெண்ட்டா அனுப்புங்க, சுருங்காம முழுசா போகும். குரூப்ல போடும்போதே "வெளிய ஃபார்வர்டு வேணாம்"னு ஒரு வரி எழுதிடுங்க.

நேரமும் பார்க்கணும். காலை ரவுண்ட்ஸ் நேரத்துல போட்டா நூறு மெசேஜுக்குக் கீழ போயிடும். மத்தியானம் ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் ஒண்ணா இருப்பாங்க, ஹேண்டோவர் முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் கழிச்சு போடுங்க.

ஆயாம்மா குரூப்ல இருக்க மாட்டாங்க. இதை நான் என் வீடியோல யோசிக்கவே இல்ல. அவங்க கைல பட்டன் போன்தான் இருக்கும், இல்ல வாட்ஸ்அப் மகன் போன்ல இருக்கும். அதனால குரூப்ல போடறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய், அவங்க டூட்டி நேரம் கேட்டு வச்சுக்கிட்டு, உங்க போன்லயே காட்டிடுங்க. அவ கடைசி நாள் மத்தியானம் லினன் ரூம்ல பெட்ஷீட் மடிச்சுக்கிட்டு இருந்தவங்க பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து காட்டினா. ஆயாம்மா மடிக்கிறதை நிறுத்தல, பார்த்துக்கிட்டே மடிச்சாங்களாம், முடிஞ்சதும் "இன்னொருக்கா போடு"ன்னாங்களாம்.